கருவி போட்டுத் தந்த பிரசன்டேஷனைத் திருத்துவது எப்படி: வெற்று வரி, ஸ்டாக் படம், மூன்று பெட்டி

தலைப்பைக் கொடுத்ததும் ஏஐ கருவி போட்டுத் தரும் ஸ்லைடுகளைப் பெரும்பாலோர் நிறத்திலிருந்தும் எழுத்துருவிலிருந்தும் திருத்தத் தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் அழகுபடுத்திய ஸ்லைடைப் பிறகு நீக்க மனம் வராது. அதனால் வேண்டாதது அப்படியே தங்கிவிடும். இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர் எதிரானது: முதலில் ஸ்லைடு, பிறகு வரி, பிறகு எண், பிறகு படம், கடைசியில்தான் அமைப்பு.

முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 48 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பொது மின்கட்டணத்தைக் குறைக்க மொட்டைமாடியில் 20 கிலோவாட் சோலார் போடலாமா என்று சங்கத்தின் பொதுக்கூட்டம் முடிவெடுக்க வேண்டும். செயலாளர் ஒரு கருவியிடம் தலைப்பைக் கொடுத்தார். 14 ஸ்லைடு வந்தது. கூட்டத்தில் இதற்கு ஒதுக்கிய நேரம் 15 நிமிடம்.

வழிமுறைகள் பவர்பாயின்ட்டின் விண்டோஸ் கணினிப் பதிப்பை வைத்துச் சொல்லப்பட்டவை.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வரைவைத் திறந்ததும் `File > Save As` மூலம் வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள். மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். அவசரத்தில் நீக்கிய ஒரு வரிக்குள் பயனுள்ள தகவல் இருந்தது பாதி வழியில்தான் தெரியவரும். அப்போது திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

அடுத்து, உண்மையான ஆவணங்களை மேசைமேல் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை நான்கு: கடைசி ஆறு மின்கட்டண ரசீதுகள், சோலார் நிறுவனம் தந்த விலைப்புள்ளி, மொட்டைமாடியின் அளவு, மானியத் திட்டத்தின் விதிமுறை. கருவிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. வரைவில் உள்ள வெற்று வரிகளில் பாதி, இந்தத் தகவல் இல்லாத குறையை மறைக்க வந்தவை. ஆவணம் கையில் இல்லாமல் திருத்த உட்கார்ந்தால், ஒரு வெற்று வரியை எடுத்துவிட்டு இன்னொரு வெற்று வரியைத்தான் எழுதுவீர்கள்.

## 2. கூட்டம் எடுக்க வேண்டிய முடிவை ஒரே வரியில் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும்படி வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்: “மானியம் போக 7.4 லட்சம் ரூபாயில் 20 கிலோவாட் சோலார் அமைக்க இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும்.”

இனி ஒவ்வொரு ஸ்லைடையும் வரியையும் படத்தையும் இந்த வரியின் முன்னால் நிறுத்திப் பார்க்கப் போகிறீர்கள். “சோலாரைப் பற்றி விளக்குவது” என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது. சோலாரைப் பற்றிய எந்த வரியும் அதற்குப் பொருந்திவிடும், எதையும் நீக்க முடியாது.

## 3. எழுத்து முழுவதையும் வெளியே எடுத்துப் படியுங்கள்

ஸ்லைடில் வைத்தே படித்தால் நிறமும் ஐகானும் கண்ணை மயக்கும். வெறும் எழுத்தாகப் படித்தால்தான் எந்த வரி எங்கே திரும்ப வருகிறது என்று தெரியும்.

`View > Outline View` எளிய வழி. ஆனால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்லைடின் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என லேஅவுட்டிலேயே ஒதுக்கிய இடங்களில் உள்ள எழுத்து மட்டுமே அந்தப் பார்வையில் வரும். தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸில் உள்ளது வராது. பல கருவிகள் எல்லா எழுத்தையும் டெக்ஸ்ட் பாக்ஸாகவே போடுகின்றன. அவுட்லைன் காலியாகவோ தலைப்புகள் மட்டுமோ தெரிந்தால் உங்கள் வரைவு அந்த வகை என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், 9-ஆம் படியில் இதே காரணம் மீண்டும் வரும்.

பைத்தான் பழக்கம் உள்ளவர்கள் `python-pptx` நிறுவி இந்தச் சிறு நிரலை ஓட்டலாம்:

```python
from pptx import Presentation

deck = Presentation("draft.pptx")
for n, slide in enumerate(deck.slides, 1):
    print(n, slide.slide_layout.name)
    for s in slide.shapes:
        if s.has_text_frame and s.text_frame.text.strip():
            tag = "P" if s.is_placeholder else "B"
            print("  ", tag, s.text_frame.text)
```

`P` என்று வருவது லேஅவுட்டைச் சேர்ந்தது, `B` என்று வருவது தனிப் பெட்டி. குரூப் செய்த வடிவங்களுக்குள்ளும் அட்டவணைக்குள்ளும் இருக்கும் எழுத்தை இந்த நிரல் எடுக்காது. அவற்றைக் கண்ணால் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கத்துக்கு 6 ஸ்லைடாக அச்சிட்டுக்கொண்டாலே போதும். பேனாவால் அடிப்பது எளிது. திரையில் நீக்கத் தயங்கும் கை தாளில் தயங்காது.

## 4. வரியைத் தொடும் முன் ஸ்லைடுகளை நீக்குங்கள்

`View > Slide Sorter` பார்வைக்குச் செல்லுங்கள். நம் வரைவின் 14 ஸ்லைடுகள் இவை: தலைப்பு, பொருளடக்கம், அறிமுகம், சூரிய ஆற்றல் என்றால் என்ன, நன்மைகள், ஏன் நமக்குத் தேவை, நம் மின்தேவை, அமைப்பின் கூறுகள், செலவு, மானியம், செயல்திட்டம், சவால்களும் தீர்வுகளும், முடிவுரை, நன்றி.

பொருளடக்கம், அறிமுகம், “என்றால் என்ன”, முடிவுரை, நன்றி ஆகிய ஐந்தும் யோசிக்காமல் போகலாம். 15 நிமிடக் கூட்டத்தில் பொருளடக்கம் படிக்க நேரமில்லை. சோலார் என்றால் என்ன என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முடிவுரையில் இருப்பது நன்மைகள் ஸ்லைடின் மூன்று வரிகள், சொல் மாறி வந்தவை. கடைசியாகத் திரையில் நிற்க வேண்டியது “நன்றி” அல்ல, கூட்டம் ஓட்டுப் போட வேண்டிய தீர்மானம்.

மிச்சம் 9. “நன்மைகள்” ஸ்லைடும் “ஏன் நமக்குத் தேவை” ஸ்லைடும் ஒரே விஷயம், இணைத்தால் 8. செலவையும் மானியத்தையும் பிரித்துக் காட்டினால் கேட்பவர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். கழித்து மிஞ்சும் தொகைதான் அவருக்கு வேண்டியது. இரண்டையும் இணைத்தால் 7. பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, இன்னும் ஒரு வரியைக்கூட நாம் திருத்தவில்லை.

இங்கே நடக்கும் தவறு: நீக்கப் பயந்து `Hide Slide` போட்டு வைப்பது. மறைத்த ஸ்லைடு கோப்பிலேயே இருக்கும். கோப்பை அனுப்பினால் பெறுபவர் அதைப் பார்ப்பார். சரிபார்க்காத பழைய எண் அப்படித்தான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேரும். மூலப்பிரதி தனியாக இருக்கிறது, துணிந்து நீக்குங்கள்.

## 5. வெற்று வரிகளைக் களையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். தமிழ் வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொல்லாட்சிகளைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. “இன்றைய வேகமான உலகில்”, “முக்கியப் பங்கு வகிக்கிறது”, “புதிய உயரங்களை நோக்கி”, “ஒருங்கிணைந்த அணுகுமுறை”, “நிலையான எதிர்காலத்துக்கான பயணம்”, “வெறும் செலவு அல்ல, அது ஒரு முதலீடு” போன்றவை. எந்தத் தலைப்புக்கும் கருவி இவற்றைத்தான் எடுத்து நீட்டும்.

ஆனால் சொற்பட்டியலை மட்டும் நம்பினால் போதாது. பட்டியலில் இல்லாத சொற்களாலும் வெறுமையாக எழுதலாம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சோதனை வையுங்கள்.

முதலாவது, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. வரியில் “சோலார்” இருக்கும் இடத்தில் “புது லிஃப்ட்” என்று போடுங்கள். “சோலார் அமைப்பு குடியிருப்போரின் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துகிறது” என்பது “புது லிஃப்ட் குடியிருப்போரின் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துகிறது” என்று எந்த இடறலும் இல்லாமல் படிகிறது. அந்த வரி சோலாரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நீக்குங்கள்.

இரண்டாவது, எதிர்மறையாக்கிப் பார்ப்பது. “தரமான உபகரணங்கள் பயன்படுத்தப்படும்” என்பதன் எதிர்மறை “தரமற்ற உபகரணங்கள் பயன்படுத்தப்படும்”. அப்படி யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். எதிர்மறையை யாருமே சொல்லமாட்டார்கள் என்றால் நேர்மறையைச் சொல்வதிலும் செய்தி இல்லை. இந்த வரியை நீக்கும் முன் ஒரு கேள்வி: விலைப்புள்ளியில் பேனலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் எழுதியிருக்கிறார்கள்? அது இருந்தால் அந்த ஆண்டுக் கணக்கை வரியாக்குங்கள்.

ஆக ஒவ்வொரு வரிக்கும் மூன்று வழிதான் உண்டு: நீக்குவது, ஆவணத்திலிருந்து எண்ணோ பெயரோ தேதியோ எடுத்து நிரப்புவது, வேறோர் இடத்தில் இதையே சொல்லும் வரியோடு சேர்ப்பது. “கொஞ்சம் மாற்றி எழுதுவது” என்ற நான்காவது வழி கிடையாது. புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்குகிறார்கள். “கணிசமான சேமிப்பு” என்பதை “குறிப்பிடத்தக்க சேமிப்பு” என்று மாற்றிவிட்டுத் திருத்தியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் வரைவில் சில வரிகள் எப்படி மாறின என்று பாருங்கள்.

முன்பு: “மின்கட்டணத்தில் கணிசமான சேமிப்பு.”
பின்பு: “மாதம் சுமார் 2,400 யூனிட் கிடைக்கும்; பொதுப் பயன்பாடு 3,100 யூனிட்.”

முன்பு: “மொட்டைமாடி இடத்தின் உகந்த பயன்பாடு.”
பின்பு: “நிழல் படாத 2,000 சதுர அடி தேவை, தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே அந்த இடம் இருக்கிறது.”

முன்பு: “கட்டம் 1: திட்டமிடல். கட்டம் 2: செயல்படுத்தல். கட்டம் 3: கண்காணிப்பு.”
பின்பு: யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை.

வெற்று வரியைவிட ஆபத்தானது, வெற்று வரியின் தோற்றத்தில் இருக்கும் பொய் வாக்குறுதி. நம் வரைவின் நன்மைகள் ஸ்லைடில் “தடையற்ற மின்சாரம்” என்று ஒரு வரி இருந்தது. அலங்காரச் சொல் என்று கண் தாண்டிப் போகும். ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரியத்தின் கம்பியோடு இணைத்த சோலார் அமைப்பு, மின்தடை வந்த உடனே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பி ஓட்டுப் போட்டவர், முதல் மின்தடையில் லிஃப்ட் நின்றதும் செயலாளரிடம்தான் வருவார்.

எனவே நீக்கும்போதே கேளுங்கள்: இந்த வரியை ஒருவர் அப்படியே நம்பினால் எதை எதிர்பார்ப்பார்? எதிர்பார்ப்பு தவறு என்றால் வரியை எடுப்பது மட்டும் போதாது, உண்மையைச் சொல்லும் வரி அந்த இடத்துக்கு வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் “சவால்களும் தீர்வுகளும்” ஸ்லைடு முழுவதுமே இப்படி மாறியது: “மின்தடையில் சோலாரும் நிற்கும், ஜெனரேட்டர் தொடர்ந்து தேவை.” பழைய நான்கு சவால்களும் நான்கு தீர்வுகளும் போயின. கூட்டத்தில் நிச்சயம் எழப்போகும் கேள்விக்குப் பதில் வந்தது.

## 6. ஒவ்வோர் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

வரிகள் சுத்தமானதும் எண்கள் பளிச்சென்று தெரியும். அதனால்தான் இதை அழகுபடுத்தும் முன் செய்ய வேண்டும். குழப்பமான ஸ்லைடில் இருக்கும் தவறான எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நேர்த்தியான ஸ்லைடில் இருக்கும் தவறான எண்ணை எல்லோரும் நம்புவார்கள்.

நம் வரைவின் மானிய ஸ்லைடில் 78,000 ரூபாய் என்று இருந்தது. 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அப்படி ஒரு எண் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது தனி வீட்டுக்கு, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுபவருக்கான உச்சத்தொகை. குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 20 கிலோவாட்டுக்கு 3,60,000. கருவி எண்ணைக் கற்பனை செய்யவில்லை, இடம் மாற்றி எடுத்துப் போட்டுவிட்டது. இவ்வகைத் தவறுதான் கண்டுபிடிக்கக் கடினம், ஏனென்றால் இணையத்தில் தேடினால் அந்த எண் கிடைத்துவிடும். எண் உண்மையா என்று மட்டும் பார்க்காதீர்கள்; நமக்கு உரிய எண்ணா என்று பாருங்கள்.

கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைப்பது வழக்கம். 20 கிலோவாட்டுக்கு 80 யூனிட், மாதத்துக்கு 2,400. ரசீதில் யூனிட் விலை 8 ரூபாய் என்று கொண்டால் மாதம் 19,200 ரூபாய். விலைப்புள்ளி 11 லட்சம், மானியம் 3.6 லட்சம் போக 7.4 லட்சம்; 48 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 15,400. போட்ட பணம் திரும்பக் கிட்டத்தட்ட 39 மாதம். சுத்தம் செய்யும் கூலி, மின்வாரியம் வசூலிக்கும் கட்டணம் போன்றவற்றைக் கழித்தால் இது இன்னும் நீளும். அந்தக் குறிப்பும் ஸ்லைடில் இருக்க வேண்டும். வரைவில் இருந்த “60% வரை சேமிப்பு” எந்த ஆவணத்திலும் இல்லை. மூலம் தெரியாத சதவீதத்தைத் திருத்த முயலாதீர்கள், எடுத்துவிடுங்கள்.

## 7. தலைப்புகளைச் செய்தியாக்குங்கள்

“செலவு”, “மின்தேவை”, “செயல்திட்டம்” என்ற தலைப்புகள் அறையின் கதவில் மாட்டிய பலகை போன்றவை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ஸ்லைடின் மிக முக்கியமான வரியைத் தலைப்பாக மேலே ஏற்றுங்கள்: “மானியம் போக வீட்டுக்குச் சுமார் 15,400 ரூபாய்.”

ஏழு தலைப்புகளையும் மட்டும் வரிசையாகப் படித்தால் கூட்டத்துக்கு வராத ஒருவருக்கும் விஷயம் விளங்க வேண்டும். எங்கே தாவுகிறதோ அங்கே வரிசை தவறு. ஒரு ஸ்லைடுக்குத் தலைப்பு எழுதவே வரவில்லை என்றால் அதில் செய்தி இல்லை, அல்லது இரண்டு செய்தி இருக்கிறது.

தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, மூன்றாவது வரிக்கு இறங்கினால் கீழே உள்ளதைத் தள்ளிவிடும்.

## 8. ஸ்டாக் படங்களை எடுத்துவிட்டுச் சான்றாக நிற்கும் படத்தை வையுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு எது தெரியாமல் போகும்? உள்ளங்கையில் முளைவிட்ட செடி, கைகுலுக்கும் கோட்டுக்காரர்கள், ஒளிரும் பல்பு, மடிக்கணினியைச் சுற்றிச் சிரிக்கும் குழு ஆகியவற்றை எடுத்தால் எதுவும் குறையாது.

பொருளுக்குத் தொடர்புள்ளது போலத் தெரியும் படம்தான் நம்மை ஏமாற்றும். நம் வரைவில் சோலார் பேனல் படமே இருந்தது. ஆனால் அது சரிவான சிவப்பு ஓட்டுக்கூரையின்மேல் படிந்திருக்கும் பேனல். நம்முடையது தட்டையான கான்கிரீட் மாடி. நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் துணி காயும் கொடி. “துணி எங்கே காயப் போடுவது?”, “தொட்டி நிழல் விழாதா?” என்பவைதான் கூட்டத்தில் கிளம்பும் கேள்விகள். ஓட்டுக்கூரைப் படம் இவற்றுக்குப் பதில் சொல்லாது.

வெயிலுள்ள நாளில் காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு ஒரே இடத்தில் நின்று, போனைக் கிடைமட்டமாகப் பிடித்து மாடியை மூன்று படம் எடுங்கள். படிக்கட்டு அறையின் மேலிருந்து எடுத்தால் முழு மாடியும் அடங்கும். நிழல் எங்கே நகர்கிறது என்று மூன்றையும் ஒன்றாகப் பார்த்தாலே தெரியும். நண்பகல் படத்தின்மேல் பேனல் வரும் பரப்பை ஒரு கட்டமாக வரைந்து காட்டுங்கள். “அமைப்பின் கூறுகள்” என்ற ஸ்லைடில் நான்கு ஐகானோடு இருந்த நான்கு விளக்கங்களுக்குப் பதில் இந்த ஒரு படம் வந்தது. பேனல், இன்வெர்ட்டர், மீட்டர் எங்கெங்கே வரும் என்று அதிலேயே குறிக்கலாம். நிழல் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் படம் எடுத்த தேதியை ஓரத்தில் எழுதுங்கள்.

இப்படி உண்மைப் படம் கிடைக்காத ஸ்லைடில் படமே வேண்டாம். காலியிடத்தைக் கண்டு பயந்து அங்கே ஐகான் போடுவது அடுத்த பொதுவான தவறு. ஸ்டாக் படத்தை எடுத்துவிட்டு அதன் தம்பியைக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் அது. அந்த இடத்தை எழுத்தைப் பெரிதாக்கப் பயன்படுத்துங்கள்.

செய்முறையில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கிளிக் செய்தும் தேர்வாகாத படம் லேஅவுட்டிலோ ஸ்லைடின் பின்னணியிலோ இருக்கும். `View > Slide Master` திறந்து அங்கே நீக்குங்கள். அங்கும் இல்லையென்றால் ஸ்லைடில் ரைட் கிளிக் செய்து `Format Background` பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பொருள்களை `Alt+F10` அழுத்தினால் வரும் `Selection` பட்டியலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம்.

கிராப் செய்த படத்தில் வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும். மின்கட்டண ரசீதைப் படமாகப் போட்டு இணைப்பு எண்ணை கிராப் மூலம் மறைத்தால், கோப்பைப் பெறுபவர் அதைத் திரும்ப விரித்துப் பார்க்க முடியும். படத்தைத் தேர்ந்து `Picture Format > Compress Pictures` சென்று `Delete cropped areas of pictures` டிக் செய்யுங்கள். கோப்பின் அளவும் குறையும்.

கருவி போட்ட படங்களின் `Alt Text`-இலும் வெற்று வாசகம் தங்கியிருக்கலாம். புதுப் படத்துக்குப் புதிதாக எழுதுங்கள்.

## 9. மூன்று பெட்டி அமைப்பைக் கலையுங்கள்

`Slide Sorter`-இல் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். நம் வரைவில் ஆறு ஸ்லைடுகள் ஒரே முகத்தோடு இருந்தன: மேலே தலைப்பு, கீழே ஒரே அளவில் மூன்று அல்லது நான்கு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஐகான், தடித்த சொல், இரண்டு வரி.

ஒரே மாதிரி இருப்பது அலுப்பு என்பதல்ல இங்கே குற்றம். சம அளவுப் பெட்டி, உள்ளே இருப்பவை சம முக்கியத்துவம் உள்ளவை என்று சொல்கிறது. 7.4 லட்சம் ரூபாயும் “சுற்றுச்சூழல் நட்பு” என்ற வரியும் ஒரே அளவுப் பெட்டியில் உட்கார்ந்தால் பணக்கணக்கு சிறுத்துப் போகும். தவிர, இரண்டு விஷயம் மட்டுமே இருக்கும் இடத்தில் மூன்றாவது பெட்டியை நிரப்ப கருவி எதையாவது எழுதும். வெற்று வரிகளில் பல பிறந்த இடமே இந்த மூன்றாவது பெட்டிதான். 5-ஆம் படியைச் சரியாகச் செய்திருந்தால் இப்போது பல பெட்டிகள் காலியாக நிற்கும்.

எந்த அமைப்பு என்பதை உள்ளடக்கத்தின் உறவு முடிவு செய்யட்டும். கழித்தல் கணக்கு என்றால் 11 லட்சம், 3.6 லட்சம், 7.4 லட்சம் என மூன்று வரியாக, மளிகைச் சிட்டை போல வலப்பக்கம் ஒட்டி எழுதுங்கள். பயன்பாட்டில் எவ்வளவு சோலார் என்றால் 3,100-க்கு ஒரு பட்டை, அதன் கீழே 2,400-க்கு ஒரு பட்டை போதும். யார் எப்போது என்றால் அட்டவணை. தீர்மானம் என்றால் ஒரே வாக்கியம், பெரிய எழுத்து.

இங்கே எதிர்த்திசையில் தவறுபவர்களும் உண்டு. ஸ்லைடுக்கு ஒரு புது அமைப்பு என்று போட்டு, பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் தலைப்பைத் தேடும்படி செய்துவிடுவார்கள். தலைப்பின் இடமும் அளவும் ஓரவிளிம்பும் ஏழு ஸ்லைடிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாற வேண்டியது தலைப்பின் கீழே உள்ளது மட்டும்.

பெட்டிகளை இழுத்து நகர்த்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 3-ஆம் படியில் உங்கள் வரைவு டெக்ஸ்ட் பாக்ஸ் வகை என்று தெரிந்திருந்தால், `Home > Reset` அழுத்தினாலும் அவை அசையாது. அவை எந்த லேஅவுட்டுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. `Home > New Slide` சென்று `Title Only` அல்லது `Title and Content` எடுத்து, பழைய ஸ்லைடிலிருந்து எழுத்தை மட்டும் காப்பி செய்து, ஒட்டும்போது `Keep Text Only` தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய ஸ்லைடை நீக்குங்கள். ஏழு ஸ்லைடுதான், பெட்டிகளோடு மல்லுக்கட்டுவதைவிட இது சீக்கிரம் முடியும்.

முடிந்ததும் `Slide Master`-இல் பயன்படாத லேஅவுட்டுகளை நீக்கலாம். ஒரு லேஅவுட்டை நீக்க விடவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்லைடு இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

## 10. எழுத்தளவையும் எழுத்துருவையும் நிலைப்படுத்துங்கள்

ஒரு ஸ்லைடில் 18, அடுத்ததில் 15.3 என்று எழுத்தளவு தள்ளாடினால் காரணம் `Shrink text on overflow`. எழுத்து கூடினால் அளவைத் தானே குறைக்கும் அமைப்பு அது. `Format Shape > Text Options > Text Box` சென்று `Do not Autofit` வையுங்கள். இப்போது எழுத்து பெட்டியை மீறி வழிந்தால், அந்த ஸ்லைடில் இன்னும் ஒரு வரி அதிகம் என்று பொருள். அளவைக் குறைக்காமல் 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். சங்கத்தின் கூடத்தில் பின்வரிசையில் இருக்கும் முதியவருக்கு 24-க்குக் கீழே எதுவும் தெரியாது.

கருவிகள் விரும்பிப் போடும் `Poppins` போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்து இல்லை. கணினி தானாக வேறொன்றை எடுத்துப் போடும். உங்கள் கணினியில் ஒன்று, கூடத்தின் கணினியில் இன்னொன்று. தமிழ் உள்ள ஒரே எழுத்துருவை, எடுத்துக்காட்டாக `Nirmala UI`, முழுக் கோப்புக்கும் வையுங்கள். `Home > Replace > Replace Fonts` பெரும்பாலான இடங்களில் மாற்றிவிடும். மாறாத பெட்டியைத் தேர்ந்து கையால் மாற்றுங்கள்.

## 11. அனுப்பும் முன்

குறிப்புப் பகுதியைப் பாருங்கள். ஸ்லைடை முழுவதும் துடைத்தவர்கள்கூட அதன் கீழே கருவி எழுதிய பேச்சுரையை விட்டுவிடுகிறார்கள். `Presenter View`-இல் கண்ணில் படும் “வணக்கம், இன்று நாம் ஓர் அற்புதமான பயணத்தைத் தொடங்கப்போகிறோம்” என்ற வரியைப் பதற்றத்தில் வாசித்துவிட நேரும். `File > Info > Check for Issues > Inspect Document` மூலம் எல்லாக் குறிப்புகளையும் ஒரே வீச்சில் நீக்கலாம். நீக்கியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் முன்பே ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

பிறகு ஸ்லைடுகளைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, சங்கத்தின் செயற்குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து மூன்று கேள்வி கேளுங்கள்: என் வீட்டுக்கு எவ்வளவு, மின்தடையில் என்ன ஆகும், நான் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்? எந்தக் கேள்விக்கு அவர் தாளைப் புரட்டித் தேடுகிறாரோ அந்த ஸ்லைடின் தலைப்பை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் அனுப்ப `File > Export` மூலம் பிடிஎஃப் எடுங்கள். பெரும்பாலோர் அதைப் போனில்தான் திறப்பார்கள். உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து, பெரிதாக்காமல் கட்டணக் கணக்கு ஸ்லைடைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.